தையல் இயந்திரத்துக்கு ஒரு லட்சம்: குழுக் கடனா, மைக்ரோ பைனான்ஸா, வங்கிக் கடனா?

ஊசிநூல்: வீட்டில் தையல் தொழில் செய்கிறேன். ஓவர்லாக் இயந்திரம் ஒன்றும் மோட்டார் தையல் இயந்திரம் ஒன்றும் வாங்க ஒரு லட்சம் ரூபாய் வேண்டும். மூன்று ஆண்டுகளாக மகளிர் குழுவில் இருக்கிறேன். மைக்ரோ பைனான்ஸில் மூன்று நாளில் பணம் என்கிறார்கள். வங்கியில் விலைப்புள்ளி கேட்கிறார்கள். எதை எடுக்கலாம்?

குழு ஊக்குநர்: இதில் யோசிக்கவே தேவையில்லை, அக்கா. குழுக் கடனுக்கு 7 சதவீதம்தான் வட்டி. அதைவிடக் குறைவாக எங்கும் கிடைக்காது.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: பாதி சரி, தம்பி. மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீதம் என்பது வங்கி குழுவுக்குத் தரும் வட்டி. குழு தன் உறுப்பினருக்கு என்ன வட்டி போடுவது என்பதைக் கூட்டத் தீர்மானம்தான் முடிவு செய்கிறது. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று வைக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் குழு நிதியில் சேர்வதால் அது வீண் இல்லை. ஆனால் அவர் கட்டுவது 12 சதவீதம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பங்கு. 12 பேர் உள்ள குழுவுக்கு 3 லட்சம் வந்தால் தலைக்கு 25,000. இவர் ஒரு லட்சம் கேட்டால் மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். வங்கி குழுவுக்குத் தந்த பழைய இணைப்புக் கடனில் பாக்கி இருந்தால் அடுத்தது தள்ளிப்போகும்.

பெட்டிக்கடை: மைக்ரோ பைனான்ஸை எல்லாரும் திட்டுகிறீர்கள். கடை மழையில் நனைந்து சரக்கு போனபோது எனக்குக் கைகொடுத்தது அதுதான். வட்டியும் 12 சதவீதம் என்றுதான் முகவர் சொன்னார்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: அந்த நேரத்தில் உங்களுக்கு உதவியதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 12 எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். ஒரு லட்சத்தை 24 மாதத்தில் திருப்புவதாகக் கொள்வோம். முழு அசலுக்கும் கடைசிவரை 12 சதவீதம் போட்டால் வட்டி 24,000, மாதத் தவணை 5,167. குறையும் அசலுக்கு மட்டும் அதே 12 போட்டால் தவணை 4,707, மொத்த வட்டி 13,000க்குச் சற்றுக் குறைவு. முதல் முறையின் உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 21.5 சதவீதம். 2022 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டியை எளிய விவரத்தாளில் எழுதித் தர வேண்டும். முகவர் வாயால் சொல்வதை விடுத்து அந்தத் தாளைப் படியுங்கள்.

மானியம் தேடுபவர்: இதற்கு எவ்வளவு மானியம் கிடைக்கும்?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: அவர் கேட்டது மானியம் அல்ல. மாவட்டத் தொழில் மையத்தில் தனியாக விசாரியுங்கள்.

ஊசிநூல் அம்மா, வீட்டு வருமானம் எவ்வளவு? வேறு கடன் உண்டா?

ஊசிநூல்: கணவர் சம்பளத்தோடு சேர்த்து மாதம் 18,000. அவருடைய வண்டிக் கடனுக்கு 4,000 போகிறது. எனக்கு வேலை கொடுக்கும் ஒப்பந்தக்காரர் தைத்துக் கொடுத்து 45 நாள் கழித்துத்தான் பணம் தருவார்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: மைக்ரோ பைனான்ஸ் கடனில், குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு வரம்பு 9,000. வண்டிக் கடன் போக மிச்சம் 5,000. அந்த 5,167 தவணை அதற்குள் அடங்காது. வண்டிக் கடனைச் சொல்லாதீர்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் வர 45 நாள் ஆகும்போது, மைக்ரோ பைனான்ஸில் வாரத் தவணை என்றால் அடுத்த வாரமே தொடங்கும். முதல் ஆறு தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்? வங்கியின் தவணைக் கடனில் மூன்று மாதம் கழித்து அசல் தொடங்கும்படி கேட்கலாம். முத்ரா திட்டத்தில் 50,000க்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. பணம் பெரும்பாலும் நேராக இயந்திரக் கடைக்குப் போகும், அதனால்தான் விலைப்புள்ளி. நூல், பொத்தான் செலவுக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. அதற்குக் குழு தன் சேமிப்பிலிருந்து தரும் உள்கடன் போதும்.

பெட்டிக்கடை: வங்கியில் நிலப் பத்திரம் கேட்பார்களே! என்னிடம் கேட்டார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: குறுந்தொழிலுக்கு இந்த அளவு கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. எழுத்தில் மறுப்புக் கேளுங்கள்.

பெட்டிக்கடை: விதி இருக்கிறது ஐயா. கிளையில் இரண்டு மாதம் நாளை வா, நாளை வா என்றார்கள். எழுதியும் தரவில்லை.

குழு ஊக்குநர்: இன்னொன்று. ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்திவிட்டால், வங்கித் தவணை அக்கா ஒருவர் பெயரில்தான் நிற்கும். குழுவில் நிலைமையைச் சொன்னால் இரண்டு கூட்டம் பொறுப்பார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: அது உண்மை. ஆனால் அந்த இரண்டு கூட்டமும் மற்ற 11 பேரின் அடுத்த கடன் உங்கள் தவணைக்காகக் காத்திருக்கும். எது சுமை என்று நான் சொல்ல முடியாது.

ஊசிநூல்: இயந்திரக் கடையில் வெற்றுத்தாளில் விலை எழுதித் தந்திருந்தார்கள். ஜிஎஸ்டி எண்ணும் முத்திரையும் போட்டு வேறு வாங்கி வருகிறேன். வியாழக்கிழமை கூட்டத்தில் பழைய பாக்கி எவ்வளவு என்று தீர்மானப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.