பேட்ச் வாரியாக வாரண்டி க்ளெய்ம்: எந்த லாட் மோசம் என்று எப்படிச் சொல்வது?

மாதவரம் மணி:
வணக்கம். மாதவரத்தில் ஏசி ஸ்டெபிலைசர் அசெம்பிள் செய்யும் சின்ன யூனிட்டில் சர்வீஸ் கணக்கு பார்க்கிறேன். இதுவரை மாதாமாதம் மொத்த க்ளெய்ம் மட்டும் முதலாளிக்குப் போகும். மே மாதம் எண்ணிக்கை எகிறியது. "வெயில் காலம், அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள். எனக்குத் திருப்தியில்லை, சீரியல் நம்பரை வைத்து தயாரித்த மாதவாரியாகப் பிரித்தேன். நவம்பர் பேட்ச் 1000 பீஸ், க்ளெய்ம் 22. டிசம்பர் 800க்கு 15. ஜனவரி 900க்கு 14. அப்படியானால் நவம்பர்தான் கெட்ட லாட், சரிதானே?

வோல்ட்டேஜ் வாசு:
சரிதான் பாஸ். க்ளெய்மை உற்பத்தியால் வகுங்கள், 2 சதவீதம் தாண்டினால் சிவப்பு. எங்கள் கம்பெனியில் இதுதான் ரூல். நவம்பர் 2.2 வருகிறது, பிடித்துவிட்டீர்கள்.

கொடுங்கையூர் செல்வி:
நான் வாங்கிய ஸ்டெபிலைசர் 8 மாதத்தில் போய்விட்டது. கடைக்காரர் பில் சீல் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த மாதிரி லிஸ்டில் என்னுடையது வருமா?

க்யூசி ரவி:
செல்வி அக்கா, பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து கம்பெனிக்கே நேராக அனுப்புங்கள். கடைக்காரர் திருப்பி அனுப்பிய பீஸ் எந்தக் கணக்கிலும் ஏறாது. மணி தம்பி, இது உங்களுக்கும்தான்.

வாசு சொன்னது பாதிதான் சரி. வகுக்க வேண்டும், ஆனால் எதால் என்பதில்தான் விஷயம். நவம்பர் பீஸ் ஆறு மாதமாக ஓடுகிறது. ஜனவரியில் பாதி இப்போதுதான் கடைக்குப் போயிருக்கும். வயது ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். வெளியே போய் 90 நாள் முடித்த பீஸ்களை மட்டும் எடுங்கள், அதில் முதல் 90 நாளுக்குள் வந்த க்ளெய்ம் எத்தனை என்று பாருங்கள். வாடிக்கையாளர் வாங்கிய தேதி க்ளெய்ம் வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் டீலருக்கு அனுப்பிய தேதியையே மேலேயும் கீழேயும் வையுங்கள்.

Sales, Claims இரண்டு ஷீட்டிலும் C பேட்ச், D அனுப்பிய தேதி, க்ளெய்ம் ஷீட்டில் F அனுப்பியதிலிருந்து ஆன நாள், ரிப்போர்ட் ஷீட்டில் A2 பேட்ச் பெயர், H1 ரிப்போர்ட் தேதி என்றால்:

```
=COUNTIFS(Claims!C:C,A2,Claims!F:F,"<=90",Claims!D:D,"<="&$H$1-90)
 /COUNTIFS(Sales!C:C,A2,Sales!D:D,"<="&$H$1-90)
```

மாதவரம் மணி:
அண்ணா, தலைகீழாகிவிட்டது! மே 31 கணக்கில் நவம்பர் 950க்கு 9. டிசம்பர் 700க்கு 6. ஜனவரி 400க்கு 12.

க்யூசி ரவி:
பழைய இரண்டும் சுமார் 0.9 சதவீதம். அதே வேகத்தில் 400 பீஸுக்கு நாலு வந்திருக்கலாம், ஏழெட்டு வந்தால்கூட தற்செயல் என்று விடலாம். 12 அப்படி வராது. 40 பீஸ் பேட்ச்சில் இரண்டு க்ளெய்ம் வந்தால் 5 சதவீதம் என்று அலறக் கூடாது, இங்கே நிலைமை வேறு.

வோல்ட்டேஜ் வாசு:
ஒரு நிமிஷம். நவம்பர் பீஸின் முதல் 90 நாளில் பாதி, ஏசியே போடாத காலம். ஜனவரி பீஸ் நேராக வெயிலில் மாட்டியது. முதலாளி சொன்னது சரியாகவும் இருக்கலாமே?

க்யூசி ரவி:
நல்ல கேள்வி. மணி, அதே பீஸ்களில் ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் மட்டும் வந்ததை எடுங்கள்.

மாதவரம் மணி:
நவம்பர் 950க்கு 9. ஜனவரி 400க்கு 11.

க்யூசி ரவி:
ஒரே வெயில், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெயில் கொஞ்சம் கூட்டியிருக்கும், ஆனால் முழுக்காரணம் அது இல்லை. இனி எண்ணை விட்டுவிட்டுத் திரும்பி வந்த பீஸ்களைத் திறங்கள்.

மாதவரம் மணி:
ஏழு பீஸ் கையில் இருந்தது. ஐந்தில் ரிலே கால்களைச் சுற்றி சோல்டரில் மெல்லிய வளையமாக விரிசல். ஸ்க்ரூடிரைவர் பிடியால் போர்டைத் தட்டினால் அவுட்புட் வந்து வந்து போகிறது. ஐந்தும் ஜனவரி பின்பாதி சீரியல். அந்த நேரத்தில் ரிலே சப்ளையரும் மாறினார், சோல்டரிங்குக்குப் புதுப் பையனும் வந்தான். பழைய ரிலே, புது ரிலே இரண்டும் ஒரே டப்பாவில் கலந்திருந்தன. எந்தப் போர்டில் எது என்று எழுதி வைக்கவில்லை.

க்யூசி ரவி:
டிரை சோல்டர். கால் சரியாக ஈயம் பிடிக்காத ரிலேவா, பையன் கையா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ரிலே மேலேயே சப்ளையர் லாட் அச்சடித்திருக்கும், பிரித்த ஏழிலும் படித்துக் குறியுங்கள். பழைய லாட் ரிலேயிலும் விரிசல் இருந்தால் சப்ளையரைத் திட்ட வேண்டாம். இனிமேல் பேட்ச் என்பது மாதமாக இருக்க வேண்டாம், ரிலே லாட் மாறினால் சீரியலில் ஒரு எழுத்து மாறட்டும். குடோனில் இருக்கும் பின்பாதி ஜனவரி பீஸ் இப்போதைக்கு வெளியே போக வேண்டாம்.

வோல்ட்டேஜ் வாசு:
டீலரிடம் இருப்பதையும் திருப்பி வாங்க வேண்டும் என்பேன்.

மாதவரம் மணி:
அதற்கு முதலாளி ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. குடோன் சரக்கை நிறுத்தியாயிற்று, ரிலே லாட் நம்பர் திங்கள்கிழமை போடுகிறேன்.