தடிப்பே இல்லாமல் காலும் கையும் அரிக்கிறது, யாருக்காவது இப்படி இருந்ததா?

செல்வி, கோவை:
வயது 52. கார்த்திகையில் ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கமும், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையும் விடாத அரிப்பு. சிவப்போ தடிப்போ எதுவும் இல்லை. நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது. வெந்நீரில் குளித்து வந்த பிறகு இன்னும் அதிகம். கல்லீரல், சிறுநீரகம் என்றெல்லாம் படித்துவிட்டுத் தூக்கமே போய்விட்டது.

முருகேசன்:
படர்தாமரைதான் அம்மா. எனக்கு இடுப்பில் வந்தது, களிம்பு போட்டதும் போய்விட்டது.

செல்வி:
இல்லை அண்ணா, வட்டமாகவோ ஓரம் தடித்தோ எதுவும் இல்லை.

தேவி (தோல் பிரிவு நர்ஸ்):
நீங்கள் சொல்லும் இடமும் குளித்த பின் கூடுவதும் வறட்சியைத்தான் காட்டுகின்றன. வெந்நீரை விட்டு வெதுவெதுப்பான நீருக்கு மாறுங்கள். சோப்பு அக்குளுக்கும் இடுப்புக்கும் போதும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ வாஸ்லினோ தாராளமாகப் பூசுங்கள். காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் ரத்தப் பரிசோதனை.

பரமசிவம்:
அரிப்பு என்றாலே கல்லீரல்தான். கீழாநெல்லி குடியுங்கள்.

ரவி, திருச்சி:
கல்லீரலாலும் வரும், ஆனால் போக்கு வேறு. என் மனைவிக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் முதலில் அரித்தது, அதுவும் ராத்திரியில். ஓரிடத்தில் வறட்சி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்லீரல் டெஸ்டில் எஸ்ஜிபிடி கொஞ்சம்தான் கூடியிருந்தது. அல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். பித்தம் வடிவதில் தடை. அதனால் அந்த ஒரு வரியைத் தவறாமல் பாருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ மலம் வெளிறியோ போனால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

கண்ணன்:
என் அப்பா டயாலிசிஸில் இருக்கிறார். முதுகெல்லாம் அரிக்கும், பாஸ்பரஸ் ஏறினால் இன்னும் மோசம். ஆனால் அது கிரியேட்டினின் நன்றாக ஏறிய பிறகு வந்தது. சிறுநீரகத்துக்கு அரிப்பு முதல் அறிகுறியாக வருவது அபூர்வம் என்றுதான் எங்கள் டாக்டர் சொன்னார்.

செல்வி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கால் அரிப்பு முக்கால்வாசி போய்விட்டது. முன்கை மட்டும் குறையவில்லை, அதனால் டெஸ்ட் எடுத்தேன். கல்லீரல், கிரியேட்டினின், சர்க்கரை, இரும்பு எல்லாம் சரி. தைராய்டுக்கான டிஎஸ்எச் மட்டும் 14, கூடியிருக்கிறது, அதாவது தைராய்டு குறைவு.

தேவி:
அப்படியானால் வறட்சியா தைராய்டா என்று பிரிக்க வேண்டியதில்லை. தைராய்டு குறைந்தால் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் குறையும், தோல் தானாகவே வறண்டுவிடும். மாத்திரை ஆரம்பித்தாலும் தோல் தேறச் சில மாதங்கள் ஆகும், கிரீமை நிறுத்தாதீர்கள். குளிர் தாங்காமை, மலச்சிக்கல் இருக்கிறதா?

செல்வி:
இரண்டும் இருக்கிறது. வயதாகிவிட்டதால் என்றுதான் நினைத்தேன். ஆனால் முன்கையில் ஐஸ் வைத்தால்தான் அரிப்பு அடங்குகிறது. அதுவும் தைராய்டா?

தேவி:
ஐஸில் மட்டும் அடங்கினால் கழுத்து நரம்பிலிருந்தும் வரலாம். வெயிலில் நடந்தால் கூடுகிறதா, கழுத்து வலி உண்டா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். இங்கிருந்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது.