கேட் சம்பவம்: ரிப்போர்ட்டில் எந்த நேரத்தை எழுதுவது?

பாளையங்கோட்டையில் ஒரு அபார்ட்மெண்டில் நைட் செக்யூரிட்டியாக இருக்கிறேன். நேற்று ராத்திரி பைக்கில் ஒருவர் வந்து, மூணாவது மாடிக்குப் பார்சல் என்றார். இன்டர்காமில் கேட்டால், அந்த வீட்டில் ஆர்டரே போடவில்லை. நான் ரிசீவரை வைப்பதற்குள் சின்ன கேட்டின் கொண்டியைத் திறக்கக் கை விட்டுவிட்டார். சத்தம் போட்டதும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வண்டி நம்பரில் கடைசி நாலு எண்தான் கண்ணில் பட்டது.

நடந்ததை ரிப்போர்ட்டாக எழுதித் தரச் சொல்கிறார் சங்கச் செயலாளர். என் வாட்சில் மணி 11.40, கேமராப் பதிவில் 11.52. இரண்டையும் எழுதி, கேமரா 12 நிமிஷம் முந்தி ஓடுகிறது என்று குறித்தால் போதுமா? ‘திருட வந்தவர்’ என்றே எழுதச் சொல்கிறார் பி பிளாக் அண்ணாச்சி. நான் பார்த்தது கொண்டியில் கை வைத்ததை மட்டும்தானே! அப்புறம், பழைய பதிவு அழிவதற்குள் அந்தப் பகுதியை பென்டிரைவில் எடுத்துத் தரும்படி ரிப்போர்ட்டிலேயே கேட்கலாமா? எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள், சாயங்காலத்துக்குள் கொடுக்கணும்.