பூட்டிக் கிடந்த வீட்டுக்கு 31 பவுண்ட் காஸ் பில்

ஊர்க்குருவி:
போன ஜூலை 1 இல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் லண்டன் வீடு பூட்டிக் கிடந்தது. எல்லாரும் ஊரில. அடுப்பும் இல்லை, ஹீட்டரும் இல்லை. வந்து பார்த்தால் காஸுக்கு மட்டும் 31 பவுண்ட் சொச்சம் போட்டிருக்கிறாங்கள். பாவிக்காத காஸுக்கு எதுக்குக் காசு? சண்டை பிடிச்சால் திரும்ப வருமா?

மொட்டைமாடி:
கட்டாதீங்க. அடுத்த தடவை கிளம்பும்போது மீட்டர் பக்கத்துல இருக்கிற வால்வை மூடிட்டு, இந்தத் தேதியிலேருந்து சப்ளை வேண்டாம்னு கம்பெனிக்கு மெயில் போட்டுடுங்க. எழுத்துல சொல்லிட்டா நாள் கட்டணம் ஓடாது. எரிச்ச யூனிட்டுக்குத்தான் அவங்க காசு கேட்க முடியும்.

நீலச்சுடர்:
வால்வை மூடுவது நல்ல பழக்கம். ஆனால் பில்லுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. மீட்டரும் உங்கள் பெயரில் கணக்கும் இருக்கும் வரை ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற நாள் கட்டணம் ஒவ்வொரு நாளும் ஏறும். மெயில் போட்டால் 'பயணம் நன்றாக அமையட்டும்' என்று பதில் வரலாம், அவ்வளவுதான்.

ஊர்க்குருவி, முதலில் பில்லை இரண்டாகப் பிரியுங்கள். 2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வைத்த விலை வரம்பில், டைரக்ட் டெபிட்டில் கட்டுகிறவர்களுக்கு காஸ் ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்குச் சராசரி 29.82 பென்ஸ், வாட் வரி உட்பட. 92 நாளுக்கு 27.43 பவுண்ட். வட்டாரத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். இந்தத் தொகை திரும்ப வராது. ஆனால் உங்கள் பில் 31 என்கிறீர்களே. மிச்சம் 4 பவுண்ட் எதற்கு? அதுதான் பார்க்க வேண்டிய இடம். ரீடிங் மதிப்பீடா, மீட்டரில் எடுத்ததா என்று பில்லிலேயே இருக்கும். ஸ்மார்ட் மீட்டரில் சிக்னல் விட்டுப்போனால் பழைய பாவனையை வைத்து ஊகித்துப் போட்டுவிடுவார்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
காலி வீடு எண்டால் காசு எடுக்கேலாது தம்பி. என்ர வாடகை வீடு ரெண்டு மாசம் ஆள் இல்லாமல் கிடந்தது. போன் பண்ணிச் சொன்னன், பில்லை நிப்பாட்டிப் போட்டாங்கள்.

நீலச்சுடர்:
அக்கா, அது தண்ணீர் பில்லா?

ஈஸ்ட்ஹாம் அக்கா:
ஓம், தண்ணிதான். மீட்டர் இல்லாத வீடு. ரெண்டும் ஒண்டுதானே?

நீலச்சுடர்:
ஒன்றில்லை அக்கா. மீட்டர் இல்லாத வீடு காலியாகவும், தளபாடம் இல்லாமலும் இருந்தால் பல தண்ணீர் கம்பனிகள் பில்லை நிறுத்தி வைக்கும். கட்டிலும் சோபாவும் உள்ளே இருக்க, ஆட்கள் ஊருக்குப் போயிருந்தால் அது காலி வீடு ஆகாது. காஸுக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

ஊர்க்குருவி:
பார்த்தன். ஊகம் இல்லை, மீட்டர் ரீடிங்தான். போகேக்க எடுத்த படத்தில 4127, இப்ப 4133. பூட்டின வீட்டில 6 யூனிட்டை ஆர் எரிச்சது?

நீலச்சுடர்:
பில் சரியாகத்தான் இருக்கிறது. மீட்டரின் 6 யூனிட் என்பது 6 கன மீட்டர். அதைத் திருத்தக் காரணி 1.02264 ஆலும், வெப்ப அளவு சுமார் 39.5 ஆலும் பெருக்கி 3.6 ஆல் வகுத்தால் 67 கிலோவாட் மணி. கிலோவாட் மணிக்கு 6.33 பென்ஸ் என்றால் 4.26 பவுண்ட். 27.43 உடன் கூட்டினால் 31.69.

எரித்தது யார்? கோம்பி பாய்லரின் கரண்டை விட்டுவிட்டுப் போனீர்களா? குழாயைத் திறந்தவுடன் சுடுதண்ணீர் வரவேண்டும் என்பதற்காகப் பல பாய்லர்கள் உள்ளிருக்கும் தண்ணீரை அவ்வப்போது தாமாகவே சூடாக்கும். பெயர் பிரீஹீட் அல்லது கம்ஃபர்ட். நாளுக்கு முக்கால் கிலோவாட் மணி என்பது அதற்குப் பொருந்துகிற அளவு. ஆனால் மெல்லிய கசிவும் இதே எண்ணைக் காட்டும், அதனால் ஊகத்தோடு விடாதீர்கள். பாய்லரை அதன் கரண்ட் சுவிட்சில் நிறுத்துங்கள், அடுப்பு எல்லாவற்றையும் மூடுங்கள், மீட்டர் வால்வு திறந்தே இருக்கட்டும். மீட்டரின் கடைசி இலக்கத்தைப் படம் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். 92 நாளில் 6 கன மீட்டர் என்றால் மணிக்கு 2.7 லிட்டர். மூன்று தசம இலக்கம் காட்டும் மீட்டரில் கடைசி இலக்கம் ஒரு லிட்டர், ஆகவே கசிவென்றால் இரண்டு மூன்று நகர்ந்திருக்கும். நகர்ந்தால் வால்வை மூடிவிட்டு 0800 111 999 ஐ அழையுங்கள். மணம் வந்தால் சோதனையே வேண்டாம், உடனே அழையுங்கள்.

மொட்டைமாடி:
சரி, வால்வு விஷயத்துல நான் தப்பு. அப்ப மீட்டரையே கழட்டச் சொல்லிடலாமே?

நீலச்சுடர்:
சொல்லலாம், அப்போது கட்டணம் நிற்கும். திரும்பப் பூட்ட ஆள் வரவேண்டும், அதற்கும் காசு கேட்கலாம். முக்கியமான சிக்கல் வேறு. மீட்டர் கழற்றி 12 மாதத்துக்குள் மறுபடி பூட்டாவிட்டால், தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பையே துண்டிக்க வேண்டும் என்பது 1998 காஸ் பாதுகாப்பு விதி. பிறகு புது இணைப்புக்கு விண்ணப்பம், கிடங்கு தோண்டல் எல்லாம். முழு வருட ஸ்டாண்டிங் சார்ஜே இந்த விலையில் 108.84 பவுண்ட்தான். வீட்டை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றுகிறவருக்கு இது சரி. மூன்று மாதப் பயணத்துக்கு நட்டம்.

மொட்டைமாடி:
கணக்கு சரி, நியாயம் சரியில்ல. கடையில அரிசி வாங்கினா கடை வாடகைன்னு தனியா கேட்கிறானா? எல்லாத்தையும் யூனிட் விலையில ஏத்திடுங்க, எரிக்கிறவன் கட்டட்டும்.

கணக்கன்:
அதையும் போட்டுப் பார்த்தேன். 2025 இல் ஆஃப்ஜெம் சாதாரண வீடு என்று எடுத்தது வருடத்துக்கு 11,500 கிலோவாட் மணி. 108.84 ஐ அதில் பரப்பினால் யூனிட்டுக்கு 0.95 பென்ஸ் கூடும். 11,500 எரிப்பவருக்கு வித்தியாசம் இல்லை. பழைய வீட்டில், படுக்கையில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு 18,000 எரிப்பவர் வருடத்துக்கு ஏறத்தாழ 60 பவுண்ட் கூடுதலாகக் கட்டுவார். பயணம் போகிறவர் மிச்சம் பிடிப்பார். உங்கள் கடைக்காரர், கடைக்கு வராதவருக்காக ராத்திரி பகலாகக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லையே.

மொட்டைமாடி:
ஒரே அறையில ஒரு கணப்போட காலம் தள்ளுற கிழவியும் அதே 108 கட்டுறாங்களே, அதைச் சொல்ல மாட்டீங்களே! 2023 கடைசியில ஆஃப்ஜெம் கருத்துக் கேட்டப்போ 30,000 பேருக்கு மேல எழுதினது சும்மாவா?

கணக்கன்:
சும்மா இல்லை. அந்தக் கிழவிக்கு உதவ வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் யூனிட் விலை வழியாகப் போனால் உதவி முதலில் பூட்டின வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
அப்ப டொப்-அப் மீட்டருக்கு மாறினால்? காசு போடாட்டி எடுக்கேலாதுதானே?

நீலச்சுடர்:
எடுக்கமாட்டார்கள் அக்கா, எழுதி வைப்பார்கள். கிரெடிட் தீர்ந்த பிறகும் நாள் கட்டணம் கடனாக ஏறும். வந்து முதல் டொப்-அப் போட்டதும் அதில் ஒரு பங்கை மீட்டர் விழுங்கிவிடும், அன்று இரவு வீடு குளிர்ந்து கிடக்கும்.

ஊர்க்குருவி:
ஒரு மணித்தியாலம் பார்த்தன், கடைசி இலக்கம் அசையேல்லை. பாய்லரைத் திரும்பப் போட்டன், சொல்லி வைச்ச மாதிரி தானா ஒருக்கா எரிஞ்சு நிண்டது. கம்ஃபர்ட் பட்டன் போட்டபடி இருந்திருக்கு. இனிப் போகேக்க கரண்டையே நிப்பாட்டிப் போட்டுப் போறன்.

நீலச்சுடர்:
கோடையில் செய்யுங்கள். டிசம்பர், ஜனவரியில் கரண்டை நிறுத்தாதீர்கள், வால்வையும் மூடாதீர்கள். பாய்லருக்குள் குளிர் ஏறும்போது தானே எரிந்து குழாய் உறையாமல் காப்பது அந்த இரண்டையும் நம்பித்தான். கம்ஃபர்ட்டை மட்டும் அணைத்து இக்கோ முறையில் விடுங்கள். 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாவிட்டால் வீட்டுக் காப்புறுதி என்ன கேட்கிறது என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள். சூடு இத்தனை பாகைக்குக் குறையக்கூடாது, இல்லையேல் தண்ணீரை முழுக்க வடித்திருக்க வேண்டும் என்று பல பத்திரங்களில் இருக்கும்.

மொட்டைமாடி:
ஆக, 4 பவுண்டைப் பிடிச்சாச்சு, 27 போனது போனதுதான். நான் ஆஃப்ஜெமுக்கு எழுதத்தான் போறேன்.