சரக்கிருப்பை மதிப்பிடும் லைஃபோவுக்கும் வெயிட்டட் ஆவரேஜுக்கும் தமிழில் என்ன சொல்லலாம்?

மண்டபம், கணக்கு ஆசிரியர்:
நான் லைஃபோவை 'கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறை' என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளோ கிடங்கில் புதுச் சரக்கை முதலில் தூக்கி விற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். 'நிறையிட்ட சராசரி' என்றால் இங்கே நைலான் கயிறே கிலோவில் விற்பதால் தராசு எடை நினைவுக்கு வருகிறது. வேறு சொல் கிடைக்குமா?

தொண்டி, கருவாட்டு வியாபாரி:
சார், பழைய கருவாட்டை உள்ளே வைத்துவிட்டுப் புதுசை முதலில் விற்றால் பூச்சி பிடித்துப் போகும். எங்கள் தொழிலுக்கு இந்த முறையே ஆகாது. சொல் எதற்கு?

கீழக்கரை, கணக்கர்:
காக்கா, நீங்கள் பழையதையே முதலில் விற்றுவிட்டு ஏட்டில் லைஃபோ எழுத முடியும். சரக்கு எந்த வழியில் போனாலும், விற்றதற்கு எந்த விலையைக் கழிப்பது என்பதுதான் கேள்வி. ஆசிரியர் சொல்கிற குழப்பம் இதுதான், அதனால் சொல்லுக்குள் 'விலை' வர வேண்டும் என்பது என் கருத்து. 'பின்விலை முன்கழிவு' எப்படி?

பாம்பன், கயிற்றுக் கடை:
விலை ஏறிக்கொண்டே போகிறது, என் கணக்கையே போடுகிறேன். ஆரம்ப இருப்பு 100 கிலோ, கிலோ 200 ரூபாய். அப்புறம் 100 கிலோ 220க்கும், அடுத்து 200 கிலோ 240க்கும் வாங்கினேன். 300 கிலோவை 270க்கு விற்றேன். 200, 220, 240 மூன்றின் சராசரி 220, மிச்சம் 100 கிலோவுக்கு 22,000 ரூபாய். சரிதானே?

கீழக்கரை, கணக்கர்:
மூன்று விலையைக் கூட்டி மூன்றால் வகுத்தீர்கள், அங்கேதான் தப்பு. 240க்கு வாங்கியது மற்றவை ஒவ்வொன்றையும்போல் இரு மடங்கு, அதற்கு அந்த அளவு இடம் கொடுக்க வேண்டும். மொத்தம் 400 கிலோ, 90,000 ரூபாய், ஆக கிலோ 225. இருப்பு 22,500. விற்ற 300 கிலோவின் அடக்கம் 67,500, விற்பனை 81,000, மொத்த லாபம் 13,500. லைஃபோவில் 240 விலையில் 200 கிலோ, 220 விலையில் 100 கிலோ கழிந்து அடக்கம் 70,000 ஆகும். லாபம் 11,000தான், இருப்பு 20,000. இன்றைக்கு அதே 100 கிலோ வாங்க 24,000 வேண்டும், அதனால் லைஃபோவில் லாபம் இன்றைய விலைக்குப் பக்கத்தில் நிற்கும், இருப்புதான் பழைய விலையில் தேங்கும். வாங்கிய அளவை வைத்து வருவதால் 'அளவுவழிச் சராசரி' எனலாம்.

பாம்பன், கயிற்றுக் கடை:
அப்ப 2,500 ரூபாய் லாபம் குறைத்துக் காட்டலாம், வரியும் குறையும். லைஃபோவே மாற்றிவிடுகிறேன். டாலியில் `LIFO Annual` இருக்கிறதே.

கீழக்கரை, கணக்கர்:
மென்பொருளில் இருப்பதெல்லாம் சட்டத்தில் இருப்பதாகாது. நம் கணக்கியல் தரநிலை 2 லைஃபோவை ஏற்பதில்லை, முதலில் வந்ததின் விலையோ சராசரியோதான். வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரநிலையிலும் லைஃபோ கிடையாது. அமெரிக்காவில் அனுமதி உண்டு, ஆனால் வரிக்கு அதை எடுத்தால் பங்குதாரர்களுக்குக் காட்டுகிற கணக்கிலும் அதையே எடுக்க வேண்டும்.

அனுமதி இருந்தாலும் ஒரு பொறி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி வலை சீரமைக்கும் நேரம், உங்களிடம் கயிறு மளமளவென்று போகும். அடியில் கிடக்கும் அந்த 200 ரூபாய்ச் சரக்கும் ஒரு வருஷம் விற்றுத் தீர்ந்தது என்று வையுங்கள். வாங்கும் விலை அப்போது 300, விற்பது 330. லைஃபோவில் கிலோவுக்கு 130 ரூபாய் லாபம் காட்டும். உண்மையில் அதே இடத்தை நிரப்பியபின் கையில் நிற்பது 30. இத்தனை வருஷம் ஒத்திப்போட்ட லாபம் ஒரே வருஷத்தில் வந்து விழும், வரியும் சேர்ந்து. கொள்முதல் அளவு குறைந்தும் லாப விகிதம் திடீரென்று ஏறினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சராசரியில் பழைய விலை கரைந்துகொண்டே வருவதால் இந்த அதிர்ச்சி இல்லை.

மண்டபம், கணக்கு ஆசிரியர்:
இந்தப் பழைய விலைத் தொகுதிக்கு 'அடுக்கு' போதும் என்று நினைக்கிறேன், 'அடியடுக்கு தீர்தல்' என்றும் சொல்லிக்கொள்ளலாம். 'அளவுவழிச் சராசரி' எனக்குச் சம்மதம். 'பின்விலை முன்கழிவு' மட்டும் வாயில் இடறுகிறது. 'கடைவிலை' என்று சுருக்கினால் கடையில் விற்கும் விலை ஆகிவிடும்.

தொண்டி, கருவாட்டு வியாபாரி:
விலை இறங்கினால் என்ன செய்வது? போன வாரம் நெத்திலிக் கருவாடு கொள்முதல் விலைக்கே போகவில்லை.

கீழக்கரை, கணக்கர்:
எந்த முறையாக இருந்தாலும், விற்றால் செலவு போகக் கிடைக்கும் தொகை அடக்கவிலையைவிடக் குறைவாக இருந்தால் இருப்பை அந்தக் குறைந்த தொகைக்கு இறக்க வேண்டும் காக்கா. அதற்குத் தனி இழை போடுங்கள். 'பின்விலை' இடறினால் 'புதுவிலை முன்கழிவு' சொல்லிப் பாருங்கள். அப்போதும் தொடர் இருப்புக் கணக்கில் போடும் லைஃபோ வேறுபடும், அங்கே ஒவ்வொரு விற்பனை நாளிலும் கையிலிருந்த சரக்கின் புதுவிலைதான் கழியும், ஆண்டுக் கடைசியில் மொத்தமாகப் பார்ப்பதில்லை. இரண்டையும் பிரிக்க இன்னொரு அடைமொழி வேண்டியிருக்கும், எனக்கு இன்னும் தோன்றவில்லை.