எல்லாச் சாமானையும் கொடுத்துவிடுகிற கனவு: தாராள மனசா, இழந்துவிடுவோம் என்ற பயமா?

பண்டாரவளை மலர்:
ஒரே மாதிரிக் கனவு திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் காம்பரா இஸ்தோப்பில் நின்று வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்களுக்குக் கொடுக்கிறேன். தையல் மெஷின், பித்தளைக் குடம், கம்பளி, மகளின் பாடசாலைப் பை வரை. யாரும் பிடுங்கவில்லை, நானேதான் கொடுக்கிறேன். ஆனால் விழிக்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வீட்டுக்காரர் "உனக்குத் தாராள மனசு" என்கிறார். மாமியார் "எதையோ இழக்கப் பயப்படுகிறாய்" என்கிறார். எது சரி?

டிக்கோயா ராஜா:
இதில் என்ன சந்தேகம் தங்கச்சி? பகலில் நாம் எப்படியோ அப்படித்தான் கனவும். கஞ்சன் கனவில்கூட எண்ணித்தான் கொடுப்பான். வெசாக் தோரணத்தில் வெஸ்ஸந்தர ராஜா கதை பார்த்திருப்பீர்கள். யானையைக் கொடுத்தார், தேரைக் கொடுத்தார், கடைசியில் பெற்ற பிள்ளைகளையும் கொடுத்தார். நம் பக்கத்தில் கர்ணன். கொடுக்கிற மனசு உள்ளவருக்கு மட்டும்தான் இப்படிக் கனவு வரும். வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி.

சாமக்கோடாங்கி:
எந்தச் சாமத்தில் கண்ட கனவு என்று முதலில் சொல்லுங்கள் பிள்ளை. விடியக் கண்டதென்றால் சீக்கிரம் பலிக்கும். கனவில் கொடுத்தால் கைக்கு வரும், வாங்கினால் கையை விட்டுப் போகும் என்று எங்கள் அப்பாயி சொல்லும். நான் ஒருமுறை கனவில் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக் கொடுத்தேன். அந்த மாதமே சீட்டு எனக்கு விழுந்தது. நீங்களும் ஒரு சீட்டுப் போட்டுப் பாருங்களேன்.

பதுளை உளவளத்துணை:
மலர், சில விஷயம் தெரியாமல் எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டு போனவர்கள் யார், தெரிந்த முகமா? எது முதலில் போனது? கொடுக்காமல் மிஞ்சியது ஏதாவது உண்டா? முக்கியமாக, அந்தப் பயம் கனவுக்குள் இருந்ததா, விழித்த பிறகு வந்ததா?

கடைசிக் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்றால், கனவுகளை எண்ணிக் கணக்கெடுக்க கால்வின் ஹாலும் வான் டி காஸிலும் 1966இல் ஒரு முறையை வகுத்தார்கள். அதில் ஒரு பொருளைக் கொடுத்தால் நட்பான செயல் என்று ஒரு கட்டத்தில் போடுவார்கள். பிடுங்கப்பட்டால் அது தாக்குதல். தானாகத் தொலைந்தால் கெட்ட நேரம், அதற்கு வேறு கட்டம். உணர்ச்சியைத் தனியாகத்தான் குறிப்பார்கள், அதுவும் கனவில் அப்படி உணர்ந்ததாகக் கண்டவரே சொன்னால்தான். "இப்படிக் கனவு கண்டால் பயமாகத்தானே இருந்திருக்கும்" என்று நாமாக எழுதிக்கொள்ள முடியாது. மாமியார் அதைத்தான் செய்திருக்கிறார். வீட்டுக்காரரோ நெஞ்சு அடித்ததையே கணக்கில் எடுக்கவில்லை.

ராஜா அண்ணே, பகலின் தொடர்ச்சிதான் கனவு என்பதை ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது பகலில் எது நம் மனசைப் போட்டு அரிக்கிறதோ அதன் தொடர்ச்சி. பகலில் கொடுக்கிறவர்தான் கனவிலும் கொடுப்பார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இழக்கிற கவலை இருக்கிறவருக்கும் கொடுக்கிற கனவு வரலாம்.

பண்டாரவளை மலர்:
நன்றி அக்கா. வாங்குகிறவர்கள் தெரியாத ஆட்கள். பிரட்டுக்களத்தில் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் ஒருத்தர் கையில் ஒரு லிஸ்ட். அவர் என் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே நான் எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறேன். முதலில் போவது எப்போதும் தையல் மெஷின்தான். கனவுக்குள் பயம் இல்லை, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான். கடைசியில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற மஞ்சள் பைல் மட்டும் மிஞ்சும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மகளின் கிளினிக் காட் எல்லாம் அதில்தான். அதை எடுக்கக் கை போகும்போது விழித்துவிடுவேன்.

எங்கள் லயத்துக்கு மேலே மண்சரிவு அபாயம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் புது வீட்டுக்குப் போகிறோம். மழை கூடினால் அந்தப் பைலைத்தான் முதலில் தூக்க வேண்டும் என்று கிராம சேவகர் சொல்லியிருக்கிறார்.

பதுளை உளவளத்துணை:
எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவர் லிஸ்டில் உங்கள் பெயர் வருவதற்கு முன்னாலேயே நீங்கள் கொடுக்கத் தொடங்குகிறீர்கள். யாரோ வந்து எடுக்கப்போகிறார்கள் என்று கனவுக்கே தெரிந்திருக்கிறது. பிராய்ட் 1920இல் தன் பேரனின் விளையாட்டைப் பற்றி எழுதினார். ஒன்றரை வயதுப் பிள்ளை. அம்மா வெளியே போனால் அழாது. ஆனால் நூல் கட்டிய ஒரு மரக்கட்டையைக் கட்டிலுக்கு அப்பால் வீசிவிட்டு, பிறகு நூலைப் பிடித்து இழுக்கும். அம்மா போவதைப் பிள்ளையால் தடுக்க முடியாது. கட்டையை வீசுவது அதன் கையில் இருக்கிறது. தனக்கு நடந்ததைத் தானே செய்ததாக மாற்றிக்கொள்கிறது என்பது அவர் சொன்ன விளக்கங்களில் ஒன்று.

உங்கள் கனவிலும் மண் வந்து எடுப்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். பைல் மட்டும் கை மாறவில்லை. அது போனால் திரும்ப எடுக்க எத்தனை கந்தோர் ஏற வேண்டும் என்று நம்மவர்களுக்குத் தெரியாதா?

கொட்டகலை வாத்தியார்:
பொறுங்கள் டீச்சர். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை விளையாடியதை வைத்து பண்டாரவளைக் கனவுக்குத் தீர்ப்பு எழுதலாமா? இந்த விளக்கத்தில் எது வந்தாலும் பொருந்திவிடும். கொடுத்தால் பயத்தை மறைக்கிறார், கொடுக்காவிட்டால் பயப்படுகிறார். எது நடந்தால் உங்கள் விளக்கம் பிழை என்று ஒத்துக்கொள்வீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மஸ்கெலியா பேரன்:
வாத்தியார் கேட்பது நியாயம்தான். ஆனாலும் என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் அப்பாயியின் அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போனது. தலைமன்னார் போகிற ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றுதான் இன்றைக்கும் வீட்டில் சொல்வார்கள். போவதற்கு முந்தின வாரம் அந்தப் பெரியம்மா சாமானை எல்லாம் லயம் முழுக்கக் கொடுத்தாராம். ஆட்டை ஒரு வீட்டுக்கு, கோழியை இன்னொரு வீட்டுக்கு, அம்மியை எங்கள் அப்பாயிக்கு. விலைக்கு வாங்க யார் கையில் காசு இருந்தது? கப்பலில் அம்மியை ஏற்ற முடியுமா?

பார்த்தவர்கள் எல்லாரும் "என்ன தாராள மனசு" என்றுதான் சொன்னார்களாம். அப்பாயி மட்டும் வேறு மாதிரிச் சொல்லும். அக்கா ஒவ்வொரு சாமானையும் யார் வீட்டில் இருந்தால் அடுப்பங்கரையில் புழங்குமோ அந்த வீடாகப் பார்த்துக் கொடுத்தாராம். ஊர் போனாலும் சாமான் ஊரிலேயே இருக்கட்டும் என்று. அம்மி இப்போதும் எங்கள் வீட்டில்தான். நடுவில் குழி விழுந்துவிட்டது, சம்பல் அரைத்தால் ஓரத்தில்தான் ஒழுங்காக அரைபடும். இதைத் தாராளம் என்று எழுதுவதா, பயம் என்று எழுதுவதா? எனக்குத் தெரிந்து அது இரண்டும்தான்.

டிக்கோயா ராஜா:
அதைத்தானே தம்பி நானும் சொல்கிறேன்! பயந்தவர் பூட்டி வைப்பார். அந்தப் பெரியம்மா ஆள் பார்த்துக் கொடுத்தார். மனசு இருந்ததால்தான் கொடுத்தார்.

பதுளை உளவளத்துணை:
பேரன் தம்பி, உங்கள் பெரியம்மா ஆள் பார்த்துக் கொடுத்தார். மலரின் கனவில் முகமே இல்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கொடுக்கிற சந்தோஷம் என்றால் வாங்குகிறவர் யார் என்பது கனவில் இருக்க வேண்டாமா?

வாத்தியாருக்குப் பதில்: ஒரு கனவை வைத்து நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மலர், தலைமாட்டில் ஒரு கொப்பி வையுங்கள். எழும்பி அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால், அர்த்தம் தேடாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். மற்றக் கனவுகளையும் சேர்த்து. வீடு மாறின பிறகும் சில வாரம் எழுதுங்கள். பிறகு வாசித்துப் பார்த்தால் தொலைத்துத் தேடுகிற கனவு, கோச்சியைத் தவறவிடுகிற கனவு, வெள்ளம், மண் என்று நிறைய இருந்து, வீடு மாறின பிறகு எல்லாமே குறைந்தால் என் பக்கம் கொஞ்சம் பலம். மற்றக் கனவுகளிலும் நீங்கள் யாருக்காவது சோறு போட்டுக்கொண்டும், பிள்ளை தூக்கிக்கொண்டும் இருந்தால், வீடு மாறின பிறகும் கொடுக்கிற கனவு தொடர்ந்தால், நான் சொன்னது பிழை. ராஜா அண்ணனுக்கு நான் பிளேன்டீ வாங்கித் தருகிறேன்.

நுவரெலியா நர்ஸ்:
நான் வேறு காரணத்துக்காக எழுதுகிறேன். கனவில் கொடுப்பதால் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் விழித்திருக்கும்போது ஒருவர் திடீரென்று தனக்குப் பிரியமான சாமானை எல்லாம் பிரித்துக் கொடுத்து, "இனி எனக்கு இது எதற்கு" என்று பேசத் தொடங்கினால் அதைத் தாராளம் என்று விட்டுவிடாதீர்கள். உயிரை மாய்க்க நினைக்கிறவர்கள் சிலர் அப்படிச் செய்வதுண்டு. நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம். மலர் அக்கா, கோபிக்காதீர்கள், நீங்கள் பகலில் எப்படி இருக்கிறீர்கள்?

பண்டாரவளை மலர்:
கோபம் ஒன்றும் இல்லை தங்கச்சி. நன்றாகத்தான் இருக்கிறேன், தைக்கிறேன், சாப்பிடுகிறேன், சண்டையும் பிடிக்கிறேன். சாமான் கட்டுகிறோம், அதனால் வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது. புது வீட்டில் இடம் போதாது என்று தையல் மெஷினை நாத்தனாருக்குக் கொடுப்பதாக வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்துவிட்டார். என் அம்மா வாங்கித் தந்த மெஷின் அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொட்டகலை வாத்தியார்:
அப்படிப் போடுங்கள்! மண்சரிவும் வேண்டாம், மரக்கட்டையும் வேண்டாம். கொடுத்தது அவர், போனது உங்கள் சாமான். "உனக்குத் தாராள மனசு" என்று சொன்னதும் அதே மனுசன்தானே?

பதுளை உளவளத்துணை:
முதலில் போவது எப்போதும் மெஷின் என்று மலர் எழுதியிருந்தார். நான் பைலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் பைல் ஏன் மிஞ்சுகிறது என்பதற்கு மெஷின் கதை பதில் சொல்லவில்லையே வாத்தியார்.

டிக்கோயா ராஜா:
நாத்தனாருக்குத்தானே, வெளியாளுக்கா கொடுக்கிறார்? கொடுத்துவிடுங்கள் தங்கச்சி. மனசு இருக்கிறது என்று கனவே சொல்கிறது.

சாமக்கோடாங்கி:
எந்தச் சாமம் என்று இன்னும் சொல்லவில்லையே பிள்ளை.

பண்டாரவளை மலர்:
விடியப்புறம்தான் ஐயா, கோயில் பாட்டுப் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால். ராஜா அண்ணே, மெஷினைக் கொடுக்க மாட்டேன். இன்றைக்கு இரவு வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன். அக்கா, மகளின் பழைய கொப்பி ஒன்றில் பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதில் எழுதுகிறேன்.