நாலு மாதக் கைக்குழந்தைக்குச் சளி, மூச்சில் சத்தம்: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? (சுங்கை சிப்புட்)

கும்பகோணத்து மகள்

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் நான் மாசமாக இருந்தபோது ஊரிலிருந்து இங்கே மலேசியாவுக்கு வந்தோம். வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் வேலை. ஊர்க்காரர்கள் என்று பக்கத்தில் யாரும் இல்லை. மகன் ஈப்போவில் பிறந்தான், இப்போது நாலு மாதம், 6 கிலோ. மூன்று நாளாகச் சளி. முதலில் மூக்கு ஒழுகியது, நேற்றிலிருந்து இருமல், மூச்சு விடும்போது கொர் கொர் என்று சத்தம். இங்கே உள்ள கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் "பிராங்கியோலைட்டிஸ், வைரஸ்தான், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மட்டும் கொடுத்தார். இருமல் மருந்து இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை. மாமியார் வீடியோ காலில் சாம்பிராணி போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி மூக்கில் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். வேறு டாக்டரைப் பார்க்கவா?

பீடோர் அண்ணன்

தங்கச்சி, மருந்தே இல்லாமல் அனுப்பினால் எப்படி? என் மகளுக்கும் இப்படித்தான் வீசிங் வரும். நெபுலைசரில் புகை வைத்தால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். நீங்களும் கேட்டு வாங்குங்கள். ஆனால் சாம்பிராணி மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஈப்போ தாதி

நான் குழந்தைகள் வார்டில் 19 வருடம் தாதியாக இருந்தேன், இப்போது ஓய்வு. தங்கச்சி, அந்த டாக்டர் சொன்னது சரி.

அண்ணன், உங்கள் மகளுக்கு எத்தனை வயது? நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. நெபுலைசர் மருந்து அந்தத் தசையைத் தளர்த்தும், அதனால் சட்டென்று கேட்கிறது. நாலு மாதக் குழந்தைக்கு நடப்பது வேறு. நுனியில் உள்ள பொடிக் குழாய்களின் உள்சுவர் வீங்கிச் சளி அடைத்துக்கொள்கிறது. தசையைத் தளர்த்தி அங்கே பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. இருமல் சிரப் இந்த வயதில் கூடவே கூடாது. சாம்பிராணி, கொசுவர்த்தி, சிகரெட் குடித்துவிட்டு வந்த சட்டை, எல்லாமே வீங்கிய குழாயை இன்னும் கிளறிவிடும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கிவிடும். பாட்டியின் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மூன்று சொட்டு உப்புநீர் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, ரப்பர் பந்தால் மெதுவாக உறிஞ்சி எடுங்கள். அடிக்கடி உறிஞ்சினால் மூக்கு வீங்கிவிடும், பால் நேரத்துக்கும் தூங்கும் நேரத்துக்கும் போதும். இந்த வயதுக் குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. குடிக்காவிட்டால் உடம்பில் தண்ணீர் குறையும், சோர்ந்துபோகும். வழக்கமாக 120 மில்லி குடிப்பவன் என்றால் 60 மில்லியாக, இரட்டிப்புத் தடவை கொடுங்கள்.

இப்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தான்? நேற்றிலிருந்து பாலும் பெம்பர்ஸும் எப்படி? ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு? அவன் அழாமல், தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். முழு ஒரு நிமிடம். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், கைக்குழந்தையின் மூச்சு விட்டு விட்டு ஓடும், கணக்கு தப்பிவிடும். எண்ண வரவில்லை என்றால் போனில் வீடியோ எடுத்து அப்புறம் எண்ணலாம்.

கும்பகோணத்து மகள்

36 வாரத்தில் பிறந்தான் அக்கா. பால் ஒரு தடவைக்கு 70 மில்லிதான் குடிக்கிறான். காலையிலிருந்து நாலு பெம்பர்ஸ் நனைந்தது. இரண்டு தடவை எண்ணினேன், 52, 54. கொர் கொர் சத்தம் பயமாக இருக்கிறது.

ஈப்போ தாதி

சத்தத்தை விடுங்கள், அது பெரும்பாலும் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வருவது. சத்தம் குறைந்து குழந்தை சோர்ந்துபோனால் அதுதான் எனக்குப் பயம். நெஞ்சைப் பாருங்கள்.

இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50-க்கு மேல் போனால் வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60. மகன் எல்லையைத் தாண்டி நிற்கிறான், பாலும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், கொஞ்சம் முன்னதாகப் பிறந்தவனும்கூட. இந்த நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் ஏறும். அதனால் இன்று மாலையே மறுபடி காட்டி, விரலில் கருவி மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பினாலும் இரவில் தூங்கும்போது டார்ச் அடித்து நெஞ்சைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே, அல்லது தொண்டைக் குழியில், பள்ளம் விழுந்தால், மூக்கு விடைத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், தலை ஆடினால், பாதிப் பால்கூட இறங்காவிட்டால், 12 மணி நேரம் பெம்பர்ஸ் நனையாவிட்டால், காரை எடுங்கள். உதடோ நாக்கோ நீலமானால், மூச்சு நின்று நின்று வந்தால், எழுப்பியும் கண் திறக்காவிட்டால் 999.

தைப்பிங் மாமா

புகைமூட்டம்தான் காரணம் என்று நினைக்கிறேன். என் மூன்று வயதுப் பேரனுக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினோம், இப்போது நிம்மதி. எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டால் சொல்கிறேன்.

கும்பகோணத்து மகள்

வார்டிலிருந்து எழுதுகிறேன். அன்று மாலை ஆக்ஸிஜன் 95 இருந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலாம் நாள் இரவு இரண்டு மணி, வெளியே நல்ல மழை. டார்ச் அடித்துப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே ஒரு குழி, என் சுண்டுவிரல் பதியும் அளவுக்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து விழுந்து எழுந்தது. அவர் எண்ணினார், 68. பாட்டிலை வாயில் வைத்தால் இரண்டு தடவை சப்பிவிட்டு மூச்சு வாங்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிளம்பிவிட்டோம்.

அவசரப் பிரிவில் தாதி மலாயில் கேட்டார், எனக்கு வாய் வரவில்லை. அக்கா தனியாக எழுதி அனுப்பிய இரண்டு வாக்கியத்தைப் போனில் காட்டினேன்: "செசாக் நாஃபாஸ்", "தா நா மினும் சூசூ", அதாவது மூச்சுத் திணறுகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறான். உடனே உள்ளே கூப்பிட்டார்கள். ஆக்ஸிஜன் 89. மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஆக்ஸிஜன், இன்னொரு குழாய் வழியாக வயிற்றுக்குப் பால். மூக்குச் சளியைச் சோதித்ததில் ஆர்.எஸ்.வி. வைரஸ் என்று வந்தது. ஊசி மருந்து எதுவும் போடவில்லை. இன்று ஆறாம் நாள், 46 மூச்சு, குழாயை எடுத்துவிட்டார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று. நாங்கள் பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொள்ளாமல் ஓடினோம், அவர் திரும்ப வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. வெளிநாட்டவருக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் கட்டணம் வேறு, முன்பணமும் கேட்டார்கள்.

நெல்லைப் பொண்ணு

கடவுள் காப்பாற்றினார் அக்கா. எனக்கு 30 வாரம், நானும் கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில்தான் இருக்கிறேன். படிக்கவே கை நடுங்குகிறது. இதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்கிறார்களே, எனக்குப் போடுவதா, குழந்தைக்கா?

ஈப்போ தாதி

இரண்டு வழி உண்டு தங்கச்சி, பெரும்பாலும் ஏதாவது ஒன்று போதும்.

ஒன்று தாய்க்குப் போடுவது, பெயர் அப்ரிஸ்வோ. உங்கள் உடம்பு எதிர்ப்புப் புரதத்தைச் செய்து தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு அனுப்பும். அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும், அதற்குள் பிரசவமானால் போதிய பாதுகாப்பு இருக்காது. சோதனையில், பிறந்த முதல் மூன்று மாதத்தில் கடுமையான ஆர்.எஸ்.வி. நோயை ஏறக்குறைய 82 சதவீதம் குறைத்தது, ஆறு மாதம் வரை சேர்த்துப் பார்த்தால் 69 சதவீதம்.

இன்னொன்று குழந்தைக்கு நேராகப் போடுவது, பேஃபோர்டஸ், மருந்தின் பெயர் நிர்செவிமாப். தடுப்பூசி போல உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது அல்ல, செய்துவைத்த எதிர்ப்புப் புரதத்தையே தொடையில் ஏற்றுவது. அதனால் காத்திருக்க வேண்டியதில்லை. 5 கிலோவுக்குக் கீழே 50 மில்லிகிராம், அதற்கு மேலே 100, ஒரே ஊசி, குறைந்தது ஐந்து மாதம் காக்கும். பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் மூன்றிலும் நடந்த சோதனையில் ஆர்.எஸ்.வி.யால் ஆஸ்பத்திரியில் சேர்வது 83 சதவீதம் குறைந்தது.

ஆனால் இவை ஆர்.எஸ்.வி.யை மட்டும் தடுப்பவை. வேறு வைரஸாலும் இதே பிராங்கியோலைட்டிஸ் வரும். ஊசி போட்ட குழந்தைக்கும் சளி பிடிக்கலாம், நெஞ்சைப் பார்க்கும் வேலை அப்போதும் உண்டு. நோய் வந்த பிறகு போட்டால் மருந்தாக வேலை செய்யாது. கிளம்பும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்து, கையிருப்பு இருக்கிறதா, எத்தனை வெள்ளி என்று கேட்டுவிடுங்கள்.

பீடோர் அண்ணன்

என் மகளுக்கு ஐந்து வயது, நான்தான் இரண்டையும் குழப்பிவிட்டேன், நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். லண்டனில் என் மச்சினிக்கு 28-ஆம் வாரமே போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 32 வாரம் என்கிறார்கள். எது சரி?

ஈப்போ தாதி

இரண்டுமே உண்மை. சோதனையில் ஊசி போட்ட தாய்மாரிடம் முன்கூட்டிய பிரசவம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது, ஊசியால்தானா என்று உறுதியாகவில்லை. அமெரிக்கா எச்சரிக்கையாக 32 முதல் 36 வாரம் என்று வைத்தது. பிரிட்டன் 28 முதல், உலகச் சுகாதார நிறுவனமும் அப்படியே. நெல்லைத் தங்கச்சிக்கு 30 என்பதால், முன்பு குறைப்பிரசவம் ஏதும் இருந்ததா என்பதைச் சொல்லி டாக்டரிடமே முடிவு எடுங்கள். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் குளிர்காலத்தை ஒட்டிப் போடுகிறார்கள். நமக்கோ வருடம் முழுக்க இந்த வைரஸ் உண்டு, ஆண்டிறுதி மழையில் கூடும். எந்த மாதத்தைப் பார்த்துப் போடுவது என்பதில் டாக்டர்களிடமே ஒரே கருத்து இல்லை. நான் கேட்டால், பிறப்பை ஒட்டியே போடச் சொல்வேன், சின்ன வயதில்தான் ஆபத்து அதிகம்.

கும்பகோணத்து மகள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று 13-ஆம் நாள், 38 மூச்சு, 110 மில்லி குடிக்கிறான். இருமல் மட்டும் போகவில்லை அக்கா, இரவில் இரண்டு தடவை எழுப்பிவிடுகிறது.

ஈப்போ தாதி

பாலும் மூச்சும் சரியாக இருந்தால் இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும், விடுங்கள். அதற்குப் பிறகும் இருந்தாலோ, காய்ச்சல் புதிதாக வந்தாலோ காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது சளி என்றால் கை கழுவாமல் அவனைத் தூக்க வேண்டாம், முகத்தில் முத்தம் வேண்டாம். அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.